இரண்டு ஆப்-ஆம்ப், ஒரு கெப்பாசிட்டர்: முக்கோண அலையும் சதுர அலையும் ஒன்றாகப் பிறப்பது எப்படி?

இரவு பதினோரு மணி. மறுநாள் லேப் எக்ஸாம். ஹாலில் பிரெட்போர்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தங்கை. இரண்டு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக் கால் ஐசி ஒன்று, நான்கைந்து ரெசிஸ்டர்கள், ஒரு கெப்பாசிட்டர். எல்லாவற்றையும் படத்தில் இருப்பதுபோலவே செருகியிருக்கிறாள். ஆனால், அலை வரவில்லை. ஒரு காலில் மல்டிமீட்டரை வைத்தால் +7.5 வோல்ட். இன்னொன்றில் -7.5 வோல்ட். இரண்டும் அசையவே இல்லை.

"என்ன வரணும்?" என்று கேட்டேன். "ஒரு பக்கம் சதுர அலை, இன்னொரு பக்கம் முக்கோண அலை. ரெண்டும் சேர்ந்து தானா ஓடணும். உனக்குச் சொன்னா புரியாதுண்ணா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் கோளாறும் கிடைத்தது, இந்தக் கட்டுரையும் கிடைத்தது.

முதலில், மொட்டைமாடிக்குப் போவோம்

வீட்டு மாடியில் தண்ணீர் டேங்க் இருக்கிறது. அதில் தானாக ஓடி நிற்கும் மோட்டார். நீர்மட்டம் கீழ்க்கோட்டைத் தொட்டால் மோட்டார் ஓடும், மேல்கோட்டைத் தொட்டால் நிற்கும். வீட்டில் எல்லோரும் ஒரே சீராகத் தண்ணீர் செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீர்மட்டத்தை நேரத்துக்கு எதிராகப் படம் போட்டால் என்ன கிடைக்கும்? ஒரே சாய்வில் ஏறி, ஒரே சாய்வில் இறங்கும் முக்கோணம். மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்பதைப் படம் போட்டால்? ஆன், ஆஃப், ஆன், ஆஃப். அதாவது சதுரம்.

அவ்வளவுதான் சர்க்யூட். நீர்மட்டத்தின் வேலையைச் செய்வது இன்டக்ரேட்டர். இரண்டு கோடு போட்ட சுவிட்சின் வேலையைச் செய்வது ஹிஸ்டெரிசிஸ் கம்பாரேட்டர். ஒன்றின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீடு. வெளியிலிருந்து எந்த சிக்னலும் கொடுக்க வேண்டாம், பவர் கொடுத்தால் போதும்.

இரண்டு கோடு எதற்கு, ஒன்று போதாதா? டேங்கில் ஒரே ஒரு கோடு இருந்தால், நீர் அதைத் தொட்டதும் மோட்டார் நிற்கும், ஒரு சொட்டு குறைந்ததும் மறுபடி ஓடும். ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். மேலே மாற ஒரு மட்டம், கீழே மாற வேறொரு மட்டம் என்று இடைவெளி விடுவதுதான் ஹிஸ்டெரிசிஸ். இந்த வகை சர்க்யூட்டுக்கு ஷ்மிட் டிரிக்கர் என்ற பெயரும் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி ஓட்டோ ஷ்மிட் 1934-ல் மாணவராக இருந்தபோது உருவாக்கியது. கணவாய் மீனின் நரம்பில் சிக்னல் எப்படிப் போகிறது என்று ஆராய்ந்ததிலிருந்து அவருக்குக் கிடைத்த யோசனை இது.

தங்கையின் பிரெட்போர்டில் என்ன இருந்தது?

ஐசி டிஎல்072. ஒரே உறைக்குள் இரண்டு ஆப்-ஆம்ப். எட்டாவது காலில் பிளஸ் 9, நான்காவது காலில் மைனஸ் 9. இரண்டு பேட்டரியும் சேரும் நடுப்புள்ளிதான் கிரவுண்டு, அதாவது பூஜ்ஜியம்.

முதல் ஆப்-ஆம்ப் கம்பாரேட்டர். அதன் மைனஸ் உள்ளீடு கிரவுண்டில். பிளஸ் உள்ளீட்டுக்கு இரண்டு ரெசிஸ்டர்கள் வருகின்றன. R1 வழியாக முக்கோண அலை, R2 வழியாகத் தன்னுடைய சொந்த வெளியீடு. R1 = 10 கிலோ ஓம், R2 = 20 கிலோ ஓம்.

இரண்டாவது ஆப்-ஆம்ப் இன்டக்ரேட்டர். பிளஸ் உள்ளீடு கிரவுண்டில். மைனஸ் உள்ளீட்டுக்கு, கம்பாரேட்டரின் வெளியீடு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் R வழியாக வருகிறது. மைனஸ் உள்ளீட்டுக்கும் அதன் வெளியீட்டுக்கும் நடுவே 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் C. இங்கே கிடைக்கும் முக்கோணம்தான் R1 வழியாகத் திரும்ப முதல் ஆப்-ஆம்புக்குப் போகிறது. வட்டம் முடிந்தது.

கோடு எங்கே விழுகிறது? (ஆம்ப்ளிட்யூட் ஃபார்முலா)

ஆப்-ஆம்ப் தன் பேட்டரி மின்னழுத்தம் முழுவதையும் வெளியே தராது. 9 வோல்ட் கொடுத்தால் இந்த ஐசி ஏறத்தாழ 7.5 வோல்ட் வரை போய் முட்டிக்கொண்டு நிற்கும். இதைத்தான் Vsat என்கிறார்கள். கம்பாரேட்டருக்கு நடுநிலை கிடையாது. அதன் பிளஸ் உள்ளீடு பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் வெளியீடு +7.5, கொஞ்சம் கீழே போனால் -7.5.

இப்போது வெளியீடு +7.5-ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது R2 வழியாகப் பிளஸ் உள்ளீட்டை மேலே இழுக்கிறது. 20 கிலோ ஓமில் 7.5 வோல்ட் என்றால் 0.375 மில்லி ஆம்பியர். கம்பாரேட்டர் புரள வேண்டுமென்றால், முக்கோண அலை அதே அளவு கரண்ட்டை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். 10 கிலோ ஓம் வழியாக 0.375 மில்லி ஆம்பியர் இழுக்க -3.75 வோல்ட் தேவை. ஆக, முக்கோணம் -3.75-ஐத் தொடும் நொடியில் கயிறு இழுக்கும் போட்டியில் கம்பாரேட்டர் தோற்று -7.5-க்கு விழுகிறது. அதன் பிறகு இதே கணக்கு தலைகீழாக நடக்கும், +3.75-ல் மறுபடி புரளும்.

முக்கோணத்தின் உச்சி எது என்பதை முடிவு செய்வது இந்த இரண்டு கோடுகள்தான்.

```
முக்கோண உச்சி = ± Vsat × (R1 / R2)
              = ± 7.5 × (10 / 20) = ± 3.75 V
```

சதுர அலையின் உச்சி எதுவும் கணக்குப் போட வேண்டாம், அது ± Vsat தான்.

நேர்கோட்டில் ஏறுவது எப்படி?

ஒரு கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக நேரடியாக சார்ஜ் செய்தால் நேர்கோடு வராது. நிரம்ப நிரம்ப வேகம் குறைந்து, கோடு வளைந்துவிடும். இங்கே ஆப்-ஆம்ப் ஒரு தந்திரம் செய்கிறது. தன் மைனஸ் உள்ளீட்டை எப்போதும் பூஜ்ஜிய வோல்ட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் R-ன் ஒரு முனை 7.5, இன்னொரு முனை பூஜ்ஜியம். கெப்பாசிட்டர் எவ்வளவு நிரம்பியிருந்தாலும் R-ல் ஓடும் கரண்ட் மாறாது, 0.16 மில்லி ஆம்பியர்தான். அது முழுக்கக் கெப்பாசிட்டருக்குள் போகிறது. ஒரே சீரான கரண்ட் என்றால் ஒரே சீரான ஏற்றம். டேங்க் பாதி நிரம்பிவிட்டது என்பதற்காகச் சோர்ந்துபோகாத மோட்டார்!

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைக்க வேண்டும். இந்த இன்டக்ரேட்டர் தலைகீழாக வேலை செய்யும். கம்பாரேட்டர் பிளஸ்ஸில் இருக்கும்போது முக்கோணம் இறங்கும், மைனஸில் இருக்கும்போது ஏறும். இந்தத் தலைகீழ் இருப்பதால்தான் கம்பாரேட்டர் எந்தக் கோட்டில் புரள வேண்டுமோ அந்தக் கோட்டை நோக்கியே முக்கோணம் நகர்கிறது.

எத்தனை தடவை? (ஃப்ரீக்வன்சி ஃபார்முலா)

சாய்வு, Vsat-ஐ RC-ஆல் வகுத்தால் வருவது. R × C = 47 கிலோ ஓம் × 10 நானோ ஃபாரட் = 0.47 மில்லி விநாடி. எனவே 0.47 மில்லி விநாடிக்கு 7.5 வோல்ட் நகரும். முக்கோணம் -3.75-லிருந்து +3.75 வரை ஏற வேண்டிய தூரமும் 7.5 வோல்ட்தான். ஏற 0.47, இறங்க 0.47. ஒரு முழுச் சுற்றுக்கு 0.94 மில்லி விநாடி. விநாடிக்கு ஏறத்தாழ 1,064 சுற்று.

```
T = 4 × R × C × (R1 / R2)

f = R2 / (4 × R1 × R × C)
  = 20k / (4 × 10k × 47k × 10nF)
  ≈ 1064 Hz
```

இந்த ஃபார்முலாவை இன்னொரு தடவை பாருங்கள். அதில் Vsat எங்கே? காணோம். பேட்டரி பலவீனமானால் ஃப்ரீக்வன்சியும் மாறும் என்றுதான் நான் நினைத்தேன். மாறாது. மின்னழுத்தம் குறைந்தால் முக்கோணம் மெதுவாக ஏறும், உண்மை. ஆனால், இரண்டு கோடுகளும் அதே விகிதத்தில் பூஜ்ஜியத்தை நோக்கி நெருங்கி வந்துவிடும். மெதுவாக நடக்கிறவருக்கு வீடும் பக்கத்தில் வந்துவிட்டால் போய்ச் சேரும் நேரம் மாறாது இல்லையா? அதேதான். பேட்டரி தேயும்போது அலையின் உயரம் குறையும், எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

அப்படியானால் ஃப்ரீக்வன்சியில் வரும் பிழை எங்கிருந்து? பெரும்பாலும் கெப்பாசிட்டரிலிருந்து. கடையில் வாங்கும் 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அப்படி இருந்தால் 1,064 ஹெர்ட்ஸ் என்று கணக்குப் போட்டது நிஜத்தில் 967-லிருந்து 1,182 வரை எங்கு வேண்டுமானாலும் விழும். சரியான எண் வேண்டுமென்றால் R-க்குப் பதில் ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டரைவிடச் சிறியதையும், அதனுடன் தொடராக ஒரு பிரீசெட்டையும் போட்டுத் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

ஃப்ரீக்வன்சியை மாற்ற R-ஐத் திருகுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. R1 / R2 விகிதம் இரண்டு ஃபார்முலாவிலும் வருகிறது. அதைத் தொட்டால் உயரமும் மாறும், வேகமும் மாறும். R-ம் C-ம் மட்டும்தான் உயரத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றும்.

சரி, தங்கையின் சர்க்யூட் ஏன் ஓடவில்லை?

மல்டிமீட்டர் சொன்னதை மறுபடி பார்ப்போம். கம்பாரேட்டர் +7.5, இன்டக்ரேட்டர் -7.5. அதாவது முக்கோணம் இறங்கியிருக்கிறது, இறங்கி இறங்கித் தன்னால் முடிந்த கடைசிப் படியில் முட்டி நிற்கிறது. ஆனாலும் கம்பாரேட்டர் புரளவில்லை. அப்படியென்றால் கோடு அதற்கும் கீழே எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

"R1, R2 ரெண்டையும் எடுத்துக் காட்டு" என்றேன். 10 கிலோ ஓமுக்கு நிறக்கோடுகள் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. 20 கிலோ ஓமுக்கு சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு. முதல் கோடு மட்டும்தான் வித்தியாசம். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. மல்டிமீட்டரை ஓமுக்கு மாற்றி அளந்தோம். இடம் மாறியிருந்தது.

R1 = 20, R2 = 10 என்று ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள். 7.5 × 20 / 10 = 15 வோல்ட். ஆப்-ஆம்பால் 7.5-க்கு மேல் போகவே முடியாதபோது 15 வோல்ட் கோட்டை எப்படித் தொடும்? டேங்கின் விளிம்புக்கும் மேலே, சுவரில் சென்சாரை மாட்டிவைத்ததுபோல. நீர் ஒருநாளும் அதைத் தொடப்போவதில்லை. அதனால்தான் இந்த சர்க்யூட்டுக்கு ஒரு கட்டாய நிபந்தனை உண்டு: R1 எப்போதும் R2-ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும். சமமாக இருந்தாலும் நம்ப முடியாது, உச்சியைத் தொட்டும் தொடாமலும் மாட்டிக்கொள்ளும்.

இரண்டையும் மாற்றிச் செருகினாள். மல்டிமீட்டர் இரண்டு கால்களிலும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்டியது. "போச்சு, செத்துடுச்சு!" என்று நான் பதறினேன். அவள் சிரித்தாள். டிசி மோடில் மீட்டர் சராசரியைத்தான் காட்டும். விநாடிக்கு ஆயிரம் தடவை +7.5-க்கும் -7.5-க்கும் சமமாக ஓடினால் சராசரி பூஜ்ஜியம். ஆசிலாஸ்கோப் இல்லாத வீட்டில் இது ஓர் எளிய சோதனை: எட்டாவது, நான்காவது கால்களில் பவர் சரியாக இருந்து, வெளியீடு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் அலை ஓடுகிறது. ஒரு முனையில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓடவில்லை. சந்தேகம் இருந்தால் C-க்குப் பக்கத்தில் இன்னும் பெரிய கெப்பாசிட்டரைப் போடுங்கள். 10 மைக்ரோ ஃபாரட் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும், மீட்டரில் எண் ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால், போலாரிட்டி இல்லாத கெப்பாசிட்டராக இருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே மின்னழுத்தம் இரண்டு பக்கமும் புரளும்.

ஒரு பேட்டரி மட்டும் தேய்ந்தால்?

மறுநாள் லேபில் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தபோது முக்கோணம் லேசாகச் சாய்ந்திருந்ததாம். காரணம், அவள் போட்ட இரண்டு பேட்டரிகளில் ஒன்று பழையது. பிளஸ் பக்கம் 7.5, மைனஸ் பக்கம் 6.5 என்று வைத்துப் பார்க்கலாம். இறங்கும்போது 7.5-ன் வேகம், ஏறும்போது 6.5-ன் வேகம். கோடுகளும் -3.75, +3.25 என்று நகர்ந்துவிடும். ஆக மொத்தத் தூரம் 7 வோல்ட். இறங்க 0.44 மில்லி விநாடி, ஏற 0.51 மில்லி விநாடி. முக்கோணம் ஒரு பக்கம் சரிகிறது, சதுர அலையின் ஆன் நேரமும் ஆஃப் நேரமும் சமமாக இல்லை. ஆனால், மொத்த ஃப்ரீக்வன்சி 1,058 ஹெர்ட்ஸ். வித்தியாசம் வெறும் ஆறு! எண்ணிக்கையை மட்டும் அளந்தால் இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது, உருவத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு மருந்து, கம்பாரேட்டரின் வெளியீட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதன்பின் எதிரெதிராக மாட்டிய இரண்டு 5.1 வோல்ட் ஜீனர் டயோடுகள் கிரவுண்டுக்கு. எந்தப் பக்கம் போனாலும் ஒன்று 5.1, இன்னொன்று 0.7, சேர்த்து 5.8 வோல்ட்டில் வெட்டிவிடும். R2-வும் R-ம் இந்த வெட்டிய புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும், அது முக்கியம். இனி ஃபார்முலாவில் Vsat-க்குப் பதில் 5.8. உச்சி 2.9 வோல்ட். பேட்டரி கொஞ்சம் தேய்ந்தாலும் உயரம் நகராது, முக்கோணமும் சாயாது.

பழைய 741 போட்டால் என்ன ஆகும்?

பல லேப்களில் இன்னும் புழங்குவது 741. ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்து 1968-ல் வந்த ஐசி. அதன் வெளியீடு மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட் வேகத்தில்தான் நகரும். இதற்குப் பெயர் ஸ்லூ ரேட். +7.5-லிருந்து -7.5 வரை 15 வோல்ட் தாண்ட 30 மைக்ரோ விநாடி ஆகும். நம் 1 கிலோஹெர்ட்ஸ் சர்க்யூட்டில் அரைச் சுற்றே 470 மைக்ரோ விநாடி என்பதால் இது பெரிதாகத் தெரியாது.

கெப்பாசிட்டரைப் பத்தில் ஒரு பங்காக, 1 நானோ ஃபாரட்டாகக் குறைத்தால்? ஃபார்முலா 10,640 ஹெர்ட்ஸ் என்கிறது. அரைச் சுற்று 47 மைக்ரோ விநாடி. ஆனால், கம்பாரேட்டர் புரள்வதற்கே 30 மைக்ரோ விநாடி வேண்டுமே. அந்த நேரத்தின் முதல் பாதியில் அது இன்னும் பழைய பக்கத்திலேயே இருப்பதால், முக்கோணம் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாம் பாதியில்தான் திரும்பி வரும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு உச்சியும் 1.2 வோல்ட் தாண்டும், முனை கூர்மை இழந்து உருண்டையாகும். அரைச் சுற்று 47 + 30 = 77 மைக்ரோ விநாடி. ஃப்ரீக்வன்சி 10,640 அல்ல, 6,500 ஹெர்ட்ஸ்தான்! சதுரமும் சதுரமாக இருக்காது, பக்கங்கள் சரிந்த சரிவகமாகிவிடும். டிஎல்072-ன் வேகம் மைக்ரோ விநாடிக்கு 13 வோல்ட். அதே இடத்தில் புரள 1.2 மைக்ரோ விநாடிதான், 10,400 ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

எனவே ஒரு அடையாளம்: கணக்கைவிட ஃப்ரீக்வன்சி குறைவாகவும், முக்கோணம் கணக்கைவிட உயரமாகவும் இருந்தால், கெப்பாசிட்டரைத் திட்ட வேண்டாம். ஐசி மெதுவானது.

இது எதற்கு உதவும்?

கையில் வைத்திருக்கும் புளூடூத் ஸ்பீக்கரில் இருக்கும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை வடிவத்தில், பாட்டின் சிக்னலை ஒரு முக்கோண அலையோடு ஒப்பிடுகிறார்கள். பாட்டு மேலே இருந்தால் ஆன், முக்கோணம் மேலே இருந்தால் ஆஃப். பாட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு நேரம் ஆன். இந்தக் கணக்கு சரியாக வர, முக்கோணத்தின் பக்கங்கள் நேர்கோடாக இருக்க வேண்டும். வளைந்தால் பாட்டும் சிதையும். அங்கே ஃப்ரீக்வன்சி சில நூறு கிலோஹெர்ட்ஸ் என்பதால் 741 போன்ற மெதுவான ஐசிக்கு அங்கே இடமில்லை.

தங்கையின் எக்ஸாம் என்னாச்சு? அலை வந்தது. வைவாவில் எக்ஸாமினர் கேட்ட கேள்வி, "பேட்டரி வீக் ஆனா ஃப்ரீக்வன்சி என்ன ஆகும்?". மெதுவா நடக்கிறவரையும் பக்கத்தில் வந்த வீட்டையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.